நுரையீரலின் இரத்தக் குழாய் மட்டும் ஏன் எதிர்மாறாக நடக்கிறது?



மறுபார்வை வகுப்பு ஒன்றில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “சார், வேலை செய்யும் தசையில் உயிர்வளி குறைந்தால் இரத்தக் குழாய் விரியும்னு போன வாரம் எழுதினோம். இன்னைக்கு, நுரையீரலில் உயிர்வளி குறைந்தால் இரத்தக் குழாய் சுருங்கும்னு சொல்றீங்க. ரெண்டுல எது சரி?”

ரெண்டுமே சரிதான். ஆனால் “ரெண்டும் சரி, மனப்பாடம் பண்ணிக்கோ” என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், தேர்வில் கேள்வி சற்றே திரும்பினாலும் மாணவர் தடுமாறிவிடுவார். படிவம் 4 உயிரியலில் சுவாசமும் இரத்தச் சுற்றோட்டமும் தனித்தனி அத்தியாயங்களாக வருகின்றன. இந்தக் கேள்வியோ அந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறது. அதனால்தான் பலருக்கு இது பிடிபடுவதில்லை. வாங்க, காரணத்தோடு பார்த்துவிடுவோம்.

(உயிர்வளி என்று இங்கே சொல்வது ஆக்சிஜனைத்தான். காற்று நுண்ணறை என்பது ஆல்வியோலஸ்.)

முதலில், உடலின் மற்ற பகுதிகள்

பாசார் மாலாமில் கனமான பிளாஸ்டிக் பையை இரண்டு விரலில் தொங்கவிட்டு நடந்திருப்பீர்கள். பையின் பிடி அழுத்திய இடம் வெளுத்துப்போகும். பையைக் கீழே வைத்ததும் என்ன ஆகிறது? அந்த இடம் பழைய நிறத்துக்கு வருவதோடு நிற்பதில்லை. சிறிது நேரம் வழக்கத்தைவிடச் சிவப்பாகவே இருக்கும்.

பிடி அழுத்தியபோது அங்கே இரத்தம் போகவில்லை. ஆனாலும் அந்தத் திசு உயிர்வளியைச் செலவழித்துக்கொண்டே இருந்தது. உயிர்வளி குறைந்தது, கழிவுப் பொருள்கள் சேர்ந்தன. உடனே அந்த இடத்து நுண்தமனிகளின் சுவரில் உள்ள மென்தசை தளர்ந்தது, குழாய் விரிந்தது. அழுத்தம் விலகியதும் விரிந்த குழாய் வழியாக இரத்தம் கூடுதலாகப் பாய்ந்தது. அந்தச் சிவப்பு அதுதான்.

ஓடும்போது தொடைத் தசையிலும், வேகமாகத் துடிக்கும்போது இதயத் தசையிலும் இதேதான் நடக்கிறது. உயிர்வளி குறைவு என்றால் அங்கே தேவை அதிகம் என்று பொருள். தேவை இருக்கும் இடத்துக்கு இரத்தத்தை அனுப்ப வேண்டும், அதனால் குழாய் விரிகிறது. இதில் குழப்பமே இல்லை.

நுரையீரலில் கேள்வியே வேறு

இப்போ ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தசைக்கு இரத்தம் எதற்காகப் போகிறது? உயிர்வளியைக் கொடுக்க. நுரையீரலின் நுண்ணறைகளுக்கு இரத்தம் எதற்காகப் போகிறது? உயிர்வளியை வாங்க.

இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். தசையில் உயிர்வளி குறைவாக இருப்பது, இரத்தம் அங்கே போக வேண்டியதற்கு அடையாளம். நுரையீரலின் ஒரு மூலையில் உயிர்வளி குறைவாக இருப்பது, அங்கே போனாலும் வாங்குவதற்குச் சரக்கு இல்லை என்பதற்கு அடையாளம். சரக்கு இல்லாத கடைக்குக் கூட்டத்தை அனுப்பி என்ன பயன்? அந்தப் பாதையைச் சுருக்கினால் இரத்தம் காற்றோட்டம் நன்றாக உள்ள பகுதிகளுக்குத் திரும்பும்.

நுரையீரலின் ஒரு பகுதியில் காற்றோட்டம் குறையப் பல காரணங்கள் உண்டு. சளி ஒரு மூச்சுக்கிளையை அடைக்கலாம். குழந்தை விழுங்கிய நிலக்கடலை தவறி மூச்சுக்குழலுக்குள் போகலாம். நிமோனியாவில் நுண்ணறைகள் நீரால் நிறையலாம். காரணம் எதுவானாலும் அந்தப் பகுதியின் நுண்தமனிகள் காட்டும் எதிர்வினை ஒன்றுதான், சுருங்குவது. ஆங்கில நூல்களில் இதற்கு ‘ஹைப்போக்சிக் பல்மனரி வாசோகன்ஸ்ட்ரிக்‌ஷன்’ என்று நீளமான பெயர். உயிர்வளிக் குறைவால் நுரையீரல் இரத்தக் குழாய் சுருங்குதல் என்பதுதான் அதன் பொருள்.

“நல்ல பகுதி சமாளித்துவிடாதா?”

கெட்டிக்கார மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். ஒரு பகுதி அடைபட்டால் மற்ற பகுதி வேகமாக மூச்சு வாங்கி ஈடுகட்டிவிடலாமே, குழாய் ஏன் சுருங்க வேண்டும்?

இதற்கு ஒரு பேருந்துக் கணக்கு போதும். ஒவ்வொரு பேருந்திலும் 100 இருக்கை. பேருந்து என்பது இரத்தம், இருக்கை என்பது ஹீமோகுளோபினில் உயிர்வளி அமரும் இடம். ஓய்வாக இருக்கும் ஒருவரின் உடலைச் சுற்றிவிட்டு நுரையீரலுக்குத் திரும்பும் இரத்தத்தில் சுமார் 75 இருக்கை இன்னும் நிரம்பியே இருக்கும். காற்றோட்டமுள்ள நுண்ணறையைக் கடந்ததும் அது 98 ஆகும். காற்றே போகாத பகுதியைக் கடந்த இரத்தம் 75-ஆகவே வெளியே வரும்.

நல்ல பகுதியில் எவ்வளவு வேகமாக மூச்சு வாங்கினாலும் 98-ஐ 100 ஆக்கலாம், அவ்வளவுதான். 120 ஆக்க முடியாது, இருக்கையே 100தானே! இரத்த நீரில் நேரடியாகக் கரையும் உயிர்வளி மிகச் சிறிதளவு. அதனால் ஒரு பகுதியில் ஏற்பட்ட இழப்பை இன்னொரு பகுதியால் ஈடுகட்ட இயலாது. ஈடுகட்ட உள்ள வழி ஒன்றுதான்: காலியான கடைக்குப் போகும் பேருந்துகளின் எண்ணிக்கையைக் குறைப்பது.

ஒரு கணக்கு: அறுவை அரங்கில் ஒரு நுரையீரல்

இந்த எதிர்வினையின் பயனைக் கண்முன்னே காணக்கூடிய இடம் நெஞ்சுப் பகுதி அறுவை சிகிச்சை. வலது நுரையீரலில் அறுவை என்று வைத்துக்கொள்வோம். காற்று போய்வந்தால் நுரையீரல் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும், கத்தி வைக்க முடியாது. அதனால் மயக்க மருத்துவர் இரண்டு பாதைகள் கொண்ட குழாய் ஒன்றை மூச்சுக்குழலில் செலுத்துவார். ஒரு பாதை இடது நுரையீரலுக்கு, இன்னொன்று வலது நுரையீரலுக்கு. பிறகு வலப்பக்கக் காற்றை நிறுத்திவிடுவார். இடது நுரையீரல் மட்டும் மூச்சு விடும்.

காற்று நின்றுவிட்டது, ஆனால் இரத்தம் நிற்கவில்லை. கணக்கு எளிதாக இருக்க, இரத்தம் இரு நுரையீரலுக்கும் சரிபாதியாகப் போகிறது என்று கொள்வோம்.

குழாய்கள் சுருங்கவே இல்லையென்றால்: 10 பேருந்துகளில் 5 நல்ல பக்கம் போய் 98 பேரோடு வருகின்றன. 5 × 98 = 490. மற்ற 5 மூடிய பக்கம் போய் 75 பேரோடு திரும்புகின்றன. 5 × 75 = 375. மொத்தம் 865. அதாவது ஒரு பேருந்துக்குச் சராசரி 86.5. விரல் நுனியில் மாட்டும் உயிர்வளிமானி சுமார் 86 விழுக்காடு காட்டும். 90-க்குக் கீழே போனாலே மருத்துவர்கள் கவலைப்படத் தொடங்குவார்கள்.

இப்போ மூடிய நுரையீரலின் குழாய்கள் சுருங்கி, அங்கே போகும் இரத்தம் பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலும் ஏறத்தாழ இந்த அளவுக்குத்தான் குறைகிறது. மொத்த இரத்தத்தில் கால் பங்குதான் இனி வீணான பாதையில் போகும். முக்கால் பங்குக்கு 98, கால் பங்குக்கு 75.

0.75 × 98 = 73.5
0.25 × 75 = 18.75
கூட்டினால் 92.25

86.5 எங்கே, 92 எங்கே! இதயம் ஒரு துடிப்புகூட அதிகமாகத் துடிக்கவில்லை. வெளியிலிருந்து மருந்து எதுவும் கொடுக்கவில்லை. குழாய்கள் சுருங்கின, அவ்வளவுதான்.

இது எளிமையாக்கிய கணக்கு என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லிவிடுங்கள். உண்மையில் நோயாளி பக்கவாட்டில் படுத்திருப்பார், மூச்சு விடும் நுரையீரல் கீழே இருக்கும். அதனால் புவியீர்ப்பும் இரத்தத்தை நல்ல பக்கம் இழுக்கும். மேலும், உடலுக்குப் போகும் உயிர்வளி குறைந்தால் திரும்பி வரும் இரத்தத்தின் 75-உம் இறங்கும். ஆனாலும் கணக்கு காட்டும் திசை மாறாது.

சுருக்கம் சில விநாடிகளில் தொடங்கினாலும் வலுப்பெறச் சில நிமிடங்கள் ஆகும். அதனால் காற்றை நிறுத்தியதும் உயிர்வளிமானியின் எண் இறங்கி, பிறகு ஓரளவு ஏறுவதைப் பல நேரங்களில் காணலாம். ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால் மருத்துவர் முதலில் குழாய் இடம் மாறிவிட்டதா என்று பார்ப்பார். அடுத்து மருந்துகளை யோசிப்பார். மூச்சு வழியாகக் கொடுக்கும் மயக்க மருந்து அதிக அளவில் போனால் இந்தச் சுருக்கம் வலுவிழக்கும். இரத்தக் குழாய்களை விரிக்கும் நைட்ரோகிளிசரின் போன்ற மருந்தும் அப்படியே. இதயத்துக்கு நல்லது செய்யும் மருந்து, இங்கே மூடியிருக்க வேண்டிய பாதையைத் திறந்துவிடுகிறது.

எதை உணர்கிறது: இரத்தத்தையா, காற்றையா?

மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். “இரத்தத்தில் உயிர்வளி குறைந்ததால் நுரையீரல் குழாய் சுருங்குகிறது” என்று எழுதிவிடுவார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நுரையீரல் தமனியில் எப்போதும் ஓடுவதே உயிர்வளி குறைந்த இரத்தம்தான். அதன் உயிர்வளி அழுத்தம் சுமார் 40 மி.மீ. பாதரசம். அதைக் கண்டுதான் குழாய் சுருங்கும் என்றால், நம் எல்லாருடைய நுரையீரல் குழாய்களும் பிறந்ததிலிருந்து இறுகியே கிடக்க வேண்டுமே! அப்படி இல்லையே.

இந்தச் சிறு தமனிகள் நுண்ணறைகளுக்கு மிக அருகில் ஓடுகின்றன. சுவரும் மெல்லியது. அதனால் நுண்ணறையில் உள்ள உயிர்வளி ஊடுருவி அந்தச் சுவரின் தசையை எட்டிவிடுகிறது. தசை முக்கியமாக உணர்வது பக்கத்தில் உள்ள நுண்ணறைக் காற்றின் உயிர்வளியை. சாதாரணமாக அது சுமார் 100 மி.மீ. பாதரசம். அது 60, 70-க்குக் கீழே இறங்கும்போது சுருக்கம் நன்றாகத் தெரியும். இறங்க இறங்கச் சுருக்கமும் கூடும்.

இன்னொரு சறுக்கல், “தந்துகிகள் சுருங்குகின்றன” என்று எழுதுவது. தந்துகியின் சுவர் ஒற்றை அடுக்கு உயிரணுக்களால் ஆனது, அதில் தசை கிடையாது. சுருங்குவது தந்துகிக்கு முன்னால் உள்ள சிறு தமனிகள். குழாயை வாயிலிலேயே திருகி மூடுவது போல.

மூளை கட்டளையிடுகிறதா?

இல்லை. 1946-இல் சுவீடனைச் சேர்ந்த உல்ஃப் வான் ஆய்லரும் யோரன் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். பூனைகளை உயிர்வளி குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்தபோது நுரையீரல் தமனியின் அழுத்தம் உயர்ந்தது. நரம்புத் தொடர்பைத் துண்டித்த பிறகும் உயர்ந்தது. ஆக, இது அந்தந்த இடத்திலேயே நடக்கும் எதிர்வினை. இரத்தத்தைக் காற்றோட்டமுள்ள பகுதிகளுக்குத் திருப்பிவிடுவதே இதன் பயன் என்றும் அவர்களே சுட்டிக்காட்டினார்கள். (வான் ஆய்லர் 1970-இல் நோபெல் பரிசு பெற்றார், ஆனால் அது நரம்புமுனை வேதிப்பொருள்கள் பற்றிய வேறோர் ஆய்வுக்காக.)

உடலிலிருந்து வெளியே எடுத்து, குழாய் வழியாக இரத்தம் செலுத்தப்படும் நுரையீரலிலும் இந்தச் சுருக்கத்தைக் காணலாம். மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. தசை உயிரணுவுக்கே இது தெரியும்.

ஒரே வாயில், இரண்டு திசை

ஆறாம் படிவ மாணவர்களுக்கு இந்தப் பகுதி. மற்றவர்களும் படிக்கலாம், கடினம் இல்லை.

மென்தசை சுருங்க வேண்டுமானால் உயிரணுவுக்குள் கால்சியம் நுழைய வேண்டும். கால்சியம் நுழையும் வாயில், உயிரணுவின் மின்நிலையைப் பார்த்துத் திறக்கும். அந்த மின்நிலையைத் தீர்மானிப்பதில் முக்கியப் பங்கு பொட்டாசியத்துக்கு. பொட்டாசியம் வெளியே கசிந்துகொண்டே இருந்தால் உயிரணுவின் உட்புறம் எதிர்மின் தன்மையோடு இருக்கும், கால்சிய வாயில் மூடியே கிடக்கும், தசை தளர்ந்திருக்கும்.

நுரையீரல் நுண்தமனியின் தசையில் உயிர்வளி குறைந்தால், மைட்டோகாண்டிரியா அதை உணர்ந்து தரும் அறிகுறியால் சில பொட்டாசிய வாயில்கள் மூடுகின்றன. பொட்டாசியம் வெளியேறுவது குறைகிறது, உட்புறத்தின் எதிர்மின் தன்மை குறைகிறது, கால்சிய வாயில் திறக்கிறது, தசை சுருங்குகிறது.

உடலின் மற்றத் தமனிகளில் உயிர்வளி குறைந்தால் ஏடிபி குறைகிறது, அடினோசின் போன்ற பொருள்கள் சேர்கின்றன. அங்கே இருப்பது வேறு வகைப் பொட்டாசிய வாயில், அது திறக்கிறது. பொட்டாசியம் கூடுதலாக வெளியேறுகிறது, கால்சிய வாயில் மூடிக்கொள்கிறது, தசை தளர்கிறது.

பார்த்தீர்களா? கால்சியம், பொட்டாசியம், மென்தசை எல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பொட்டாசிய வாயில் மூடுகிறதா, திறக்கிறதா என்பதில்தான் எதிர்மாறான விளைவு பிறக்கிறது.

உதவியே தொல்லையாகும்போது

இந்த எதிர்வினை உதவுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நுரையீரலின் ஒரு பகுதியில் மட்டும் உயிர்வளி குறைய வேண்டும். அப்போதுதான் இரத்தம் திரும்பிப்போக நல்ல இடம் ஒன்று இருக்கும். முழு நுரையீரலிலும் குறைந்தால்?

சபாவின் கினபாலு மலை உச்சி 4,095 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். எந்த நுண்ணறையை எடுத்தாலும் உயிர்வளி குறைவு. ஆகவே எல்லாப் பகுதியின் நுண்தமனிகளும் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. திருப்பிவிட இடமே இல்லை. ஆனால் இதயத்தின் வலது கீழறை முழு இரத்தத்தையும் அந்த ஒடுங்கிய பாதைகளின் வழியே தள்ளியாக வேண்டும். நுரையீரல் தமனியின் அழுத்தம் உயர்கிறது.

பெரும்பாலோர் இதைத் தாங்கிக்கொள்வார்கள். சிலருக்குச் சுருக்கம் மிக வலுவாகவும் இடத்துக்கு இடம் ஏற்றத்தாழ்வாகவும் இருக்கும். குறைவாகச் சுருங்கிய பகுதிகளின் தந்துகிகள் அதிக அழுத்தத்தையும் இரத்தத்தையும் வாங்கிக்கொள்ள, அவற்றிலிருந்து நீர் நுண்ணறைக்குள் கசியும். இது உயர்மலை நுரையீரல் நீர்க்கோப்பு. பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறியவர்களுக்கு, போய்ச் சேர்ந்த இரண்டு முதல் நான்கு நாள்களில் வரும். களைப்பு என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. உட்கார்ந்து ஓய்வெடுக்கும்போதும் மூச்சு வாங்குவதும், விடாத இருமலும், பிறகு இளஞ்சிவப்பு நுரைச் சளியும் இதன் அடையாளங்கள். உடனே கீழே இறங்குவதும் உயிர்வளி கொடுப்பதும் முதல் சிகிச்சை. நிஃபெடிபின் என்ற மருந்தும் மருத்துவர் பயன்படுத்துவதுண்டு. அது கால்சிய வாயிலை அடைக்கும் மருந்து. முந்தைய பகுதியைப் படித்தவர்களுக்கு அது ஏன் உதவுகிறது என்று இப்போதே புரிந்திருக்கும்.

மலை ஏறாமலே இந்த நிலை வருவதும் உண்டு. பல ஆண்டுகள் புகைபிடித்து நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்தவர்களுக்கு நுரையீரலின் பெரும்பகுதியில் காற்றோட்டம் குன்றியிருக்கும். குழாய்கள் நாள்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் சுருங்கியிருந்தால் சுவர்த் தசை தடித்துவிடும். வலது இதயம் வேலைப் பளுவால் பெரிதாகி, பிறகு தளரும். கணுக்கால் வீக்கம் அதன் ஓர் அடையாளம். நுரையீரல் நோய்க்கும் கால் வீக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேள்வி வந்தால், இதுவே அந்தத் தொடர்பு.

பிறக்கும் முன்னும் பிறந்த பின்னும்

முழு நுரையீரலும் சுருங்கியிருப்பது நன்மையாக அமையும் ஒரு காலமும் நமக்கு உண்டு, அது தாயின் கருப்பை. அங்கே குழந்தையின் நுண்ணறைகளில் காற்று இல்லை, நீர்தான். உயிர்வளி நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. நுரையீரலுக்கு இரத்தம் அதிகம் போய் ஆகப்போவது எதுவும் இல்லை. குழாய்கள் இறுகியிருப்பதால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் சிறு பங்கு மட்டுமே அங்கே போகிறது. மீதி வேறு வழிகளில் உடலுக்குத் திரும்பிவிடுகிறது.

பிறந்த குழந்தை முதல் மூச்சை இழுத்து அழுகிறது. நுண்ணறைகளில் முதன்முறையாகக் காற்று நிறைகிறது, நுரையீரல் விரிகிறது, உயிர்வளி உயர்கிறது. குழாய்கள் தளர்கின்றன. நுரையீரலுக்குப் போகும் இரத்தம் பல மடங்கு கூடுகிறது. சில குழந்தைகளுக்கு இந்தத் தளர்வு சரியாக நடக்காமல் போவதுண்டு. அப்போது மூச்சு இருந்தும் உடல் நீலம் பாரிக்கும், உடனடி மருத்துவம் தேவைப்படும்.

தேர்வுக்கு

பயிற்சிக் கேள்வி 1: ஒருவரின் மூச்சுக்கிளை ஒன்று சளியால் அடைபட்டுள்ளது. அந்தப் பகுதியின் நுண்தமனிகளில் ஏற்படும் மாற்றத்தையும் அதன் பயனையும் விளக்குக. (4 புள்ளி)

புள்ளி கிடைக்கும்படி எழுதுவது எப்படி?

அடைபட்ட பகுதியின் நுண்ணறைகளில் உயிர்வளி அழுத்தம் குறைகிறது (1). அதனால் அப்பகுதி நுண்தமனிகளின் மென்தசை சுருங்குகிறது (1). இரத்தம் காற்றோட்டம் நன்றாக உள்ள பகுதிகளுக்குத் திருப்பப்படுகிறது (1). உயிர்வளி பெறாத இரத்தம் நல்ல இரத்தத்தோடு கலப்பது குறைவதால், உடலுக்குச் செல்லும் இரத்தத்தின் உயிர்வளி அளவு பெருமளவு காக்கப்படுகிறது (1).

“சுருங்கும்” என்று மட்டும் எழுதி நிறுத்தினால் ஒரு புள்ளிதான். இரத்தம் எங்கே போகிறது என்பதையும் எழுத வேண்டும். பல மாணவர்கள் விட்டுவிடும் வரி அது.

பயிற்சிக் கேள்வி 2: நுரையீரல் இரத்தத்தில் 20 விழுக்காடு பெறும் ஒரு பகுதி முழுதாக அடைபட்டது. குழாய்கள் சுருங்கும் முன்னும், சுருங்கி அந்தப் பங்கு 10 விழுக்காடாகக் குறைந்த பின்னும், கலந்த இரத்தத்தின் நிறைவு எவ்வளவு? (98, 75 என்ற அதே எண்களைக் கொள்க.)

முன்: 0.8 × 98 + 0.2 × 75 = 93.4
பின்: 0.9 × 98 + 0.1 × 75 = 95.7

விடை வந்ததும் மாணவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “பின்னும் ஏன் 98 வரவில்லை?” குழாய் சுருங்குகிறதே தவிர முழுதாக மூடிக்கொள்வதில்லை, கொஞ்சம் இரத்தம் வீணான பாதையில் போய்க்கொண்டேதான் இருக்கும் என்று அவரே சொல்லிவிட்டால், பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்.

அந்த மாணவியின் கேள்விக்கு வகுப்பில் கொடுத்த பதிலையே இங்கேயும் சொல்லி முடிக்கிறேன். குழாய் விரியுமா, சுருங்குமா என்று மனப்பாடம் செய்யாதீர்கள். இரத்தம் அந்த இடத்துக்குக் கொடுக்கப் போகிறதா, வாங்கப் போகிறதா என்று கேளுங்கள். கொடுக்கப் போனால், குறைவு உள்ள இடத்தில் குழாய் விரியும். வாங்கப் போனால், குறைவு உள்ள இடத்தில் குழாய் சுருங்கும்.